பழைய வீடு விற்கும் முன் புது வீடு: பிரிட்ஜ் லோன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பிடித்த வீடு ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. விற்பவர் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார். உங்கள் பணம் முழுக்க நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டில் முடங்கிக் கிடக்கிறது, அதற்கு இன்னும் ஆள் வரவில்லை. பிரிட்ஜ் லோன் இந்த இடைவெளிக்காக இருக்கும் கடன். பழைய வீட்டை அடமானமாக வைத்துப் பணம் வாங்கி, புது வீட்டைக் கிரயம் செய்துகொண்டு, பழைய வீடு விற்றதும் மொத்தமாக அடைத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தருவார்கள். சில இடங்களில் இரண்டு வருடம் வரைகூடக் கிடைக்கும். வட்டி சாதாரண வீட்டுக் கடனைவிட அதிகம்.

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் வங்கியில் கேட்கும் கேள்வி “எவ்வளவு கிடைக்கும்?” என்பது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பழைய வீடு நினைத்ததைவிடக் குறைந்த விலைக்கு, நினைத்ததைவிடத் தாமதமாக விற்றால், கடைசியில் என் தலையில் எவ்வளவு கடன் நிற்கும், அதை என் சம்பளத்தில் கட்ட முடியுமா? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கணக்கைப் பற்றியதுதான். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

படி 1: பழைய வீட்டுக்கு மூன்று விலை எழுதுங்கள்

புது வீட்டிலிருந்து தொடங்காதீர்கள். இந்தக் கடன் அடையப் போவது பழைய வீட்டுப் பணத்தில், அதனால் கணக்கும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஒரு தாளில் மூன்று விலை எழுதுங்கள். முதலாவது நீங்கள் எதிர்பார்க்கும் விலை. இரண்டாவது, வங்கியின் மதிப்பீட்டாளர் போடக்கூடிய விலை. அவர் பொதுவாகக் கையை இறுக்கிப் பிடித்துத்தான் போடுவார். அவசரமாக விற்க நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அவர் மனதில் வைத்துப் பார்க்கிறார். மூன்றாவது, ஒரு வருடம் கழித்தும் விற்காமல், வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலை வந்தால் கிடைக்கும் விலை. இந்த மூன்றாவதை எழுதத்தான் யாருக்கும் கை வராது. எழுதியே ஆக வேண்டும்.

முதல் விலையையும் தரகர் வாய்வார்த்தையில் எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்கும் பொறுப்பு தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டிச் சொல்லும் தரகர்கள் உண்டு. பக்கத்தில் சமீபத்தில் உண்மையிலேயே பதிவான கிரயங்களைப் பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. பதிவானதுதான் விலை.

நம் உதாரணத்துக்கு வருவோம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கைக்கு வருவது மாதம் 1,80,000. பழைய வீட்டுக்கு 90 லட்சம் எதிர்பார்க்கிறார்கள். மதிப்பீட்டாளர் 80 லட்சம் போடுகிறார். மோசமான நிலையில் 72 லட்சம் என்று எழுதிக்கொள்கிறார்கள், அதாவது எதிர்பார்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த வீட்டின் மேல் பழைய வீட்டுக் கடன் இன்னும் 16 லட்சம் பாக்கி இருக்கிறது.

படி 2: வங்கி சொல்லும் தொகையில் கைக்கு வருவது எவ்வளவு என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வங்கி தன் மதிப்பீட்டில் குறிப்பிட்ட சதவீதம் தரும். 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 80 லட்சத்துக்கு 56 லட்சம். ஆனால் பழைய கடன் 16 லட்சம் அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே நிற்கிறது. அதை அடைத்தால்தான் புதுக் கடன் கொடுப்பவர் முதல் அடமானக்காரராக முடியும். அந்த 16 லட்சம் போனால் புது வீட்டுக்கு மிஞ்சுவது 40 லட்சம். (பழைய கடனை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது அடமானமாகக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அதற்குப் பழைய வங்கியின் சம்மதம் வேண்டும், வட்டியும் ஏறும்.)

இனி வட்டியை எப்படிக் கட்டுவது என்பதைப் பேசியாக வேண்டும். மூன்று வழி உண்டு. மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வரலாம். அல்லது வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம். மூன்றாவது வழியில் முழுக் காலத்துக்கும் உண்டான வட்டியை முதல் நாளே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள்.

மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி, பன்னிரண்டு மாதக் கடன் என்றால் 56 லட்சத்துக்கு வட்டி 6,72,000. கடன் வழங்கும் கட்டணம் ஒரு சதவீதம், அதாவது 56,000. இரண்டையும் முன்கூட்டியே கழித்தால் வருவது 48,72,000. அதில் பழைய கடனை அடைத்தபின் கையில் நிற்பது 32,72,000. நாம் நினைத்திருந்தது 40 லட்சம். ஏழே கால் லட்சத்துக்கு மேல் பள்ளம் விழுகிறது, அதுவும் கிரயத்துக்கு நாள் குறித்த பிறகு தெரியவருகிறது. ஆகவே கடன் அதிகாரியிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: “எல்லாப் பிடித்தமும் போக, கிரயத்தன்று என் கணக்கில் விழும் தொகை எவ்வளவு?” பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முன்கூட்டியே பிடித்த வட்டியில் இன்னொரு கேள்வியும் உண்டு. நான்காவது மாதமே வீடு விற்றுவிட்டால் மீதி எட்டு மாத வட்டி திரும்பி வருமா? சில ஒப்பந்தங்களில் வரும். சிலவற்றில் குறைந்தபட்சம் இத்தனை மாத வட்டி எடுத்தே தீருவோம் என்று இருக்கும். சீக்கிரம் அடைப்பதற்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

நம் குடும்பம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: வட்டி அசலோடு சேரும், விற்றதும் கட்டுவார்கள். கட்டணம், மதிப்பீட்டுச் செலவு, வக்கீல் செலவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடுகிறார்கள்.

படி 3: புது வீட்டுப் பக்கக் கணக்கு

புது வீட்டு விலை 100 லட்சம். பதிவு, வரி, வக்கீல், வீடு மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து 8 லட்சம். ஆக 108 லட்சம் வேண்டும். சேமிப்பிலிருந்து 8 லட்சம் போடுகிறார்கள். பிரிட்ஜ் லோனில் 40 லட்சம். மீதி 60 லட்சத்துக்குப் புது வீட்டின் மேல் சாதாரண வீட்டுக் கடன். ஒன்பது சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 54,000.

இப்போது அவர்கள் மேல் மொத்தம் 116 லட்சம் கடன் நிற்கிறது. இதை உச்சக் கடன் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் இது தற்காலிகம். பயப்பட வேண்டுமா என்பதைச் சொல்வது பழைய வீடு விற்றபின் மிஞ்சும் கடன்.

ஒரு விஷயம். பிரிட்ஜ் லோன் வட்டியை மாதாமாதம் கட்டும் வழியை எடுத்திருந்தால் 56,000 வட்டியும் 54,000 தவணையும் சேர்ந்து 1,10,000 ஆகும். கைக்கு வருவதில் அறுபது சதவீதத்துக்கு மேல் போய்விடும். வட்டியைச் சேரவிடுவது இவர்களுக்குச் சுலபமாகத் தெரிவது இதனால்தான். ஆனால் மாதாமாதம் வலிக்காத வட்டி மறந்துபோகிற வட்டியும்கூட. 56 லட்சம் ஆறு மாதத்தில் 59,45,000 ஆகிறது, பன்னிரண்டு மாதத்தில் 63,10,000. அதனால் சேமிப்பில் மீதியிருக்கும் பணத்தைத் தொடாமல் வைத்துக்கொள்வதும், முடிந்த மாதங்களில் வட்டியின் ஒரு பகுதியையாவது கட்டிவிடுவதும் நல்லது. அப்படிக் கட்ட ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: மிஞ்சும் கடனை மூன்று விதமாகக் கணக்கிடுங்கள்

எல்லாம் நினைத்தபடி நடந்தால்: ஆறாவது மாதம் 90 லட்சத்துக்கு விற்கிறது. தரகு, வக்கீல் என்று 2 லட்சம் போக 88. பிரிட்ஜ் லோனுக்கு 59,45,000 கட்டினால் 28,55,000 மிஞ்சும். அதைப் புது வீட்டுக் கடனில் போட்டால் 60 லட்சம் 31,45,000 ஆகிவிடும். தவணை ஏறக்குறைய 28,000-க்கு இறங்கும்.

கொஞ்சம் சறுக்கினால்: பன்னிரண்டாவது மாதம் 80 லட்சத்துக்கு விற்கிறது. செலவு போக 78. அதில் 63,10,000 போனால் 14,90,000 மிஞ்சும். புதுக் கடன் 45,10,000-ல் நிற்கும். தவணை 40,000-க்குச் சற்று மேலே.

மோசமானால்: பன்னிரண்டாவது மாதம் 72 லட்சம். செலவும் பிரிட்ஜ் லோனும் போக 6,90,000 மட்டும் மிஞ்சும். கடன் 53,10,000, தவணை சுமார் 48,000.

(இடைப்பட்ட மாதங்களில் தவணையில் கழியும் அசலை நான் சேர்க்கவில்லை. முதல் வருடத்தில் அது சிறிய தொகைதான்.)

இந்த மூன்றாவது எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 48,000 தவணையை இருபது வருடம் கட்ட முடியுமா, ஒருவர் வேலையை விட நேர்ந்தால் என்ன செய்வது, பிள்ளைகளின் படிப்புச் செலவு எப்போது தொடங்குகிறது என்றெல்லாம் உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்றால் கடனை வாங்கலாம். முதல் கணக்கில் மட்டும் தாங்கும், மூன்றாவதில் தாங்காது என்றால், புது வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் என் ஆலோசனை வேண்டாம் என்பதே.

இன்னும் ஒரு எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வீடு என்ன விலைக்குக் கீழே போனால் பிரிட்ஜ் லோனே முழுதாக அடையாது? நம் உதாரணத்தில் பன்னிரண்டாவது மாதத்தில் 63,10,000-உம் விற்கும் செலவு 2 லட்சமும் சேர்ந்து 65,10,000. அதற்குக் கீழே விற்றால் கையிலிருந்து போட வேண்டும். மோசமான விலையாக எழுதிய 72-க்கும் இந்த 65-க்கும் இடையே ஏழு லட்சம் இடைவெளி இருக்கிறது. இந்த இடைவெளி இல்லாதவர்கள் இந்தக் கடன் பக்கமே போகக் கூடாது.

முதல் கணக்கையும் இரண்டாவதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மிஞ்சும் கடன் 13,65,000 கூடியிருக்கிறது. அதில் தாமதத்தால் வந்த கூடுதல் வட்டி 3,65,000தான். மீதி 10 லட்சம் விலை இறங்கியதால் வந்தது. எல்லாரும் வட்டி விகிதத்தில் அரைச் சதவீதம் குறைக்க வங்கி வங்கியாக அலைகிறார்கள். பழைய வீட்டின் விலையைச் சரியாகக் கணிப்பதில் அந்த உழைப்பில் பாதியைப் போட்டாலே அதிகப் பலன் கிடைக்கும்.

படி 5: ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

முதலாவது, எந்த வீடு அடமானம்? பழைய வீடு மட்டுமா, இரண்டுமா? இரண்டு கடனும் ஒரே வங்கியில் என்றால் இரண்டு வீட்டையும் சேர்த்துப் பிணையாக எழுதிக்கொள்வது சகஜம். அப்படி எழுதினால், பழைய வீடு விற்காமல் போகும்போது நீங்கள் குடிபோயிருக்கும் புது வீடும் ஆபத்தில் நிற்கிறது. சில சமயம் வேறு வழி இருக்காது. ஆனால் தெரிந்து கையெழுத்துப் போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

இரண்டாவது, காலம் முடிந்த மறுநாள் என்ன நடக்கும்? நீட்டிப்பு உண்டா, அது உங்கள் உரிமையா, அவர்கள் மனம் வைத்தால் மட்டுமா, நீட்டித்தால் வட்டி எவ்வளவு? காலம் கடந்தபின் போடும் அபராத வட்டி கணிசமாக ஏறும். “அதெல்லாம் நீட்டித்துக்கொள்ளலாம் சார்” என்று மேசையில் சொல்வதற்கு மதிப்பில்லை. காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வீட்டுக்கு விற்பனை ஒப்பந்தம் ஏற்கெனவே போட்டு, அட்வான்ஸும் வாங்கி, கிரய நாளும் குறித்திருந்தால் நிலைமை வேறு. கடன் எந்தத் தேதியில் அடையும் என்று வங்கிக்குத் தெரியும், அதனால் பேரம் பேச இடமுண்டு. இன்னும் ஆளே வரவில்லை என்றால் வட்டியும் கேள்விகளும் கூடும். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்ற நிலை இருந்தால், புது வீட்டுக்காரரிடம் அந்த வாரங்களைக் கேட்டுப் பாருங்கள்.

வரியையும் இந்த இடத்திலேயே கேட்டு முடியுங்கள். சொந்தக் குடியிருப்பை விற்ற லாபத்துக்குச் சலுகை கொடுக்கும் பல நாடுகளில், வாங்கிய தேதிக்கும் விற்ற தேதிக்கும் இடையே எவ்வளவு காலம் இருக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. சில நாடுகளில் பழைய வீடு கையில் இருக்கும்போது வாங்கும் புது வீட்டை இரண்டாவது வீடாக எடுத்துக்கொண்டு கூடுதல் வரி வாங்குவார்கள். இங்கிலாந்தில் அப்படிக் கட்டிய கூடுதல் தொகையை, பழைய குடியிருப்பை மூன்று வருடத்துக்குள் விற்றால் திரும்பக் கேட்கலாம். ஆனால் கிரயத்தன்று அந்தப் பணம் கையில் இருந்தாக வேண்டும். நம் கணக்கில் 8 லட்சம் என்று போட்ட செலவு இப்படித்தான் திடீரென்று வீங்கும்.

படி 6: விற்க உண்மையில் எத்தனை மாதம் இருக்கிறது?

கடன் பன்னிரண்டு மாதம் என்றால் ஆள் பிடிக்கவும் பன்னிரண்டு மாதம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. வாங்குபவர் சரி என்று சொன்ன நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே அவருடைய கடன் விண்ணப்பம், அவருடைய வங்கியின் மதிப்பீடு, பத்திரச் சோதனை, பதிவு எல்லாம் இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் சுலபமாக ஓடிவிடும். ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே பன்னிரண்டு மாதக் கடனில் ஆளை முடிவு செய்ய உங்களுக்கு இருப்பது எட்டு, ஒன்பது மாதம்தான். ஆறு மாதக் கடன் என்றால் மூன்று மாதம். என்னைக் கேட்டால், ஆளே வராத நிலையில் ஆறு மாதக் கடன் வாங்குவது சூதாட்டம்.

இதனால் கடன் வாங்கும் முன்பே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். ஒன்று, பழைய வீட்டின் பத்திரங்கள். மூலப்பத்திரம், வில்லங்கம், வரி ரசீது, கட்டட அனுமதி, பூர்வீகச் சொத்து என்றால் எல்லா வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். பழைய கடனை அடைத்ததும் அடமானத்தை ரத்து செய்த ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். வாங்க வருபவரின் வக்கீல் கேட்கும் காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் வட்டி ஓடுகிறது.

இரண்டு, விலையை எப்போது இறக்குவது என்பதை இப்போதே, கடன் சுமை ஏறும் முன் நிதானமாக எழுதி வையுங்கள். நம் குடும்பம் இப்படி எழுதிக்கொள்கிறது: முதல் இரண்டு மாதம் 90. அதன்பின் 87. நான்காவது மாதம் முடிந்தால் 84. ஆறாவது மாதம் முடிந்தால் 80. எட்டாவது மாதத்துக்குப் பின் வருகிற நல்ல விலை எதுவானாலும் சரி. இதை எழுதாமல் விட்டால் நடப்பது என்ன தெரியுமா? ஒன்பது மாதம் 90-லேயே பிடிவாதமாக நின்று, பத்தாவது மாதம் பதறிப்போய் 75-க்குக் கொடுப்பார்கள். விற்பவருக்குக் கெடு நெருங்குகிறது என்பதை வாங்க வருபவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார்கள். பூட்டிக் கிடக்கும் காலி வீடே பாதி சொல்லிவிடும்.

விலைதான் கோளாறா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வீட்டைப் பார்க்கவே ஆள் வரவில்லை என்றால், கேட்கும் விலை அந்தப் பகுதிக்குப் பொருந்தவில்லை அல்லது விளம்பரம் சரியில்லை. நிறையப் பேர் வந்து பார்க்கிறார்கள், விலை மட்டும் கேட்கவில்லை என்றால், வீட்டுக்குள் ஏதோ உறுத்துகிறது: ஈரக் கசிவு, இருட்டறை, பழைய சமையலறை. வந்து பார்த்தவர்களிடமே கேட்டுவிடலாம். விலையும் பேசி அட்வான்ஸ் வரை வந்து முறிகிறது என்றால் பத்திரத்தில் சிக்கல், இல்லாவிட்டால் வாங்குபவரின் வங்கி குறைவாக மதிப்பிடுகிறது. இரண்டு பேருக்கு அடுத்தடுத்து அப்படி முறிந்தால், மூன்றாவது ஆளுக்குக் காத்திருக்காமல் விலையை அந்த மதிப்பீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

படி 7: குறைந்த விலை வந்தால் ஏற்பதா, காத்திருப்பதா?

மூன்றாவது மாதம் ஒருவர் 86 லட்சம் சொல்கிறார். தரகர், “இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க, தொண்ணூறு வரும்” என்கிறார். என்ன செய்வது?

காலி வீட்டை ஒரு மாதம் வைத்திருக்க ஆகும் செலவைக் கணக்கிடுங்கள். பிரிட்ஜ் லோன் வட்டி 56,000. பராமரிப்பு, வரி, காப்பீடு, மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 6,000 என்று வைப்போம். மாதம் 62,000. நான்கு லட்சம் கூடுதலாகக் கிடைக்கக் காத்திருப்பது ஆறரை மாதத்துக்குள் நடந்தால்தான் லாபம். தரகர் சொல்வதுபோல் இரண்டு மாதத்தில் உறுதியாக 90 வந்தால், 1,24,000 செலவழித்து 4 லட்சம் பார்ப்பது நல்ல வியாபாரம்.

ஆனால் அந்த “உறுதியாக” எங்கிருந்து வருகிறது? இந்த மூன்று மாதத்தில் 90 அருகே வேறு யாராவது பேசினார்களா? பேசியிருந்தால் காத்திருக்கலாம். 86தான் இதுவரை வந்ததிலேயே பெரிது என்றால், அதையே சந்தை விலையாக எடுத்துக்கொள்வது நல்லது. 87 கேட்டுப் பேரம் பேசுங்கள், ஆளை விட்டுவிடாதீர்கள். விலை சொன்னவரின் பணம் தயாராக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடன் அனுமதிக் கடிதத்தோடு வந்து 85 சொல்பவர், தன் வீட்டை விற்றுவிட்டுத் தருகிறேன் என்று 88 சொல்பவரைவிட உங்களுக்கு நல்லவர். இரண்டாமவரை ஏற்றால் உங்கள் கெடு அவருடைய வீட்டு விற்பனையைச் சார்ந்துவிடும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தொடர்ந்து 30 அல்லது 60 நாள் யாரும் குடியில்லாமல் பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் பாதுகாப்பைக் குறைத்துவிடும். புது வீட்டுக்குக் குடிபோகும் முன் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். காலி வீட்டில் குழாய் உடைந்து தரை பாழானால் விற்கும் விலையே அடிபடும். வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாமே என்று தோன்றும். குடியிருப்பவரைக் கிளப்ப எவ்வளவு நாளாகும் என்று தெரியாமல் அதில் இறங்க வேண்டாம். வாடகைக்கு விடக் கூடாது என்று கடன் ஒப்பந்தமே தடுத்திருக்கவும் கூடும்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால்

நான்காவது படியில் மோசமான எண் தாங்கவில்லை என்றால் வேறு வழிகளைப் பாருங்கள். பழைய வீட்டை முதலில் விற்று, வாங்குபவரிடமே இரண்டு மூன்று மாதம் வாடகைக்கு இருந்துகொள்கிறேன் என்று ஒப்பந்தம் போடலாம். பலர் இதற்குச் சம்மதிப்பார்கள், கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம். புது வீட்டுக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுத்துக் கிரயத் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லலாம். ஆனால் தேதி தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பழைய வீட்டின் மேல் கடன் பாக்கி குறைவாக இருந்தால், அதை வைத்துச் சாதாரண அடமானக் கடனோ எடுத்துக் கட்டும் வசதியுள்ள கடனோ குறைந்த வட்டியில் கிடைக்கலாம். வீட்டை விற்பனைக்கு விளம்பரம் செய்யும் முன்பே அந்தக் கடனை வாங்கிவிட வேண்டும். விற்கப் போகிற வீட்டுக்கு நீண்ட காலக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும்.

படி 8: விற்ற நாளும் அதற்குப் பிறகும்

கிரய நாள் முடிவானதும் பிரிட்ஜ் லோன் கொடுத்தவரிடம் அந்தத் தேதிக்கான முழு அடைப்புத் தொகையை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் குறிப்பிட்ட தேதி வரைதான் அந்தத் தொகை செல்லும் என்று இருக்கும். கிரயம் ஒரு வாரம் தள்ளினால் புதுக் கடிதம் வேண்டும். வாங்குபவரின் பணத்திலிருந்து அந்தத் தொகை நேராகக் கடன் கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்தால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் அலைச்சல் இல்லை. அன்றே பத்திரங்கள் கைமாறுவதற்கும் பேசி வையுங்கள்.

மீதிப் பணத்தைப் புது வீட்டுக் கடனில் போடும்போது வங்கி ஒன்று கேட்கும், சில சமயம் கேட்காமலே ஒன்றைச் செய்துவிடும்: தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா? முதல் கணக்கில் 31,45,000-க்குத் தவணையை 54,000-லேயே வைத்தால் கடன் ஏழு வருடத்துக்குள் முடிந்துவிடும். 28,000-க்கு இறக்கினால் மாதச் செலவு இலகுவாகும், ஆனால் இருபது வருடம் ஓடும். பெரும் தொகையை முன்கூட்டிக் கட்டக் கட்டணம் உண்டா என்பதை வீட்டுக் கடன் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். வீடு விற்ற பணத்தில் ஒரு பெரிய தொகை வரும் என்று முன்பே சொல்லி, அந்த ஒரு முறைக்கு மட்டும் கட்டணம் வேண்டாம் என்று பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக, கடன் முடிந்ததற்கான சான்றிதழை வாங்கி, பதிவேட்டில் அடமானம் நீக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இரண்டு வீட்டையும் பிணையாக எழுதியிருந்தால் புது வீட்டின் மேல் பிரிட்ஜ் லோனுக்காக ஏற்றிய அடமானத்தையும் தனியாக நீக்க வேண்டும். வீட்டுக் கடன் அடமானம் மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். வங்கி தானாகச் செய்யும் என்று விட்டுவிட்டு, பல வருடம் கழித்துப் புது வீட்டை விற்கும்போது பழைய கடன் வில்லங்கத்தில் எட்டிப்பார்த்தால், அதற்குள் அந்தக் கிளையில் உங்கள் கோப்பைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.